பால் கணக்கு டாஷ்போர்டுக்குப் போகும் பாதை: ஒரு டேட்டா பைப்லைன் படம் வரைந்த பதிவு

மட்டக்களப்பு படுவான்கரையில் பால் சேகரிக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு டாஷ்போர்ட் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். சங்கத்துக்கு மூன்று சேகரிப்பு நிலையங்கள்: வவுணதீவுப் பக்கம் ஒன்று, ஆயித்தியமலைப் பக்கம் ஒன்று, கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒன்று. காலையிலும் பின்னேரமும் மாடு வைத்திருப்பவர்கள் கேனில் பால் கொண்டுவருவார்கள். லீற்றர் அளந்து, கொழுப்புப் பார்த்து, அங்கத்தவர் இலக்கத்துக்கு நேரே பதிவார்கள். எல்லாப் பாலும் பிறகு குளிரூட்டும் நிலையத்துக்குப் போகும். அங்கே எடை நிறுத்து, ரசீது தருவார்கள்.

தலைவர் கேட்டது இரண்டே கேள்வி. “நாங்க எடுத்த பாலும் அங்க நிறுத்த பாலும் ஒத்து வருதா? மாசம் முடிய ஆருக்கு எவ்வளவு குடுக்கோணும்?” இந்த இரண்டுக்கும் பதில் காட்டும் திரை வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கிரிப்ட் ஒரு வரி எழுதுவதற்கு முன்பு, தரவு எழுதப்படும் இடத்தில் இருந்து திரை வரைக்குமான முழுப் பாதையையும், அதாவது பைப்லைனை, படமாக வரைந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். இதில் எழுதப்போவது அந்தப் படம் எப்படி உருவானது என்பதைத்தான். பைப்லைன் படம் என்றால் பலரும் நான்கு பெட்டி போடுவார்கள்: மூலம், சுத்திகரிப்பு, களஞ்சியம், டாஷ்போர்ட். நடுவில் மூன்று அம்புக்குறி. அதைப் பார்த்து யாராலும் எதையும் கட்டவும் முடியாது, பிழை வந்தால் தேடவும் முடியாது. சிக்கல் எல்லாம் ‘சுத்திகரிப்பு’ என்ற அந்த ஒற்றைப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதைத் திறந்து, உள்ளே எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று வரிசையாக வரைந்தால்தான் அது படம்.

வலது ஓரத்தில் தொடங்கியது

ஏ3 தாள், பென்சில், அழிறப்பர். முதலில் தாளின் வலது ஓரத்தில் இரண்டு பெட்டி போட்டேன். அவற்றுக்குள் டாஷ்போர்டின் பெயரை எழுதவில்லை, தலைவர் கேட்ட கேள்வியையே எழுதினேன். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, அதற்குப் பதில் சொல்ல எந்தெந்த எண்கள் வேண்டும் என்று குறித்தேன்.

முதல் கேள்விக்கு நிலையங்களின் லீற்றர் மொத்தமும் குளிரூட்டும் நிலையத்தின் ரசீதும் போதும். இரண்டாவதற்கு அங்கத்தவர், லீற்றர், கொழுப்பு, அப்புறம் அன்றைய விலை. இந்தக் கடைசிச் சொல்லை எழுதும்போதுதான் ஒன்று தெரிந்தது: விலை எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவே இல்லை. கேட்டால், விலை மாறும்போது ஒரு கடிதம் வரும், அதை அறிவித்தல் பலகையில் குத்தி வைப்பார்கள், அந்தக் கடிதம்தான் ஆதாரம் என்றார்கள். பழைய விலைகள் ஒரு கோப்பில் இருந்தன. ஆக, இன்ன திகதியில் இருந்து இன்ன விலை என்று ஒரு சின்ன அட்டவணை வேண்டும். அதை யாராவது கையால் தட்ட வேண்டும். இடது பக்கத்தில் ஒரு புதிய மூலப் பெட்டி அப்படித்தான் வந்தது. இடமிருந்து வரையத் தொடங்கியிருந்தால் கணினியில் உள்ள கோப்புகளை மட்டும் எண்ணிக்கொண்டு போயிருப்பேன்.

இடது ஓரம்: பால் எழுதப்படும் இடங்கள்

அடுத்து மூன்று நிலையங்களுக்கும் நேரில் போனேன். மூலம் எது என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டால் வரும் பதிலில் பாதிதான் இருக்கும்.

வவுணதீவிலும் ஆயித்தியமலையிலும் பழைய பில் போடும் மென்பொருள் ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு நாளும் இரவில் ஒரு சிஎஸ்வி கோப்பை எடுத்து அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். கொக்கட்டிச்சோலையில் கணினி இல்லை, கொப்பிதான். அங்கே பால் அளக்கும் அக்காவிடம் கேட்டேன்.

“கொப்பியில எழுதினதுக்குப் பிறகு என்ன நடக்கும் அக்கா?”

“பக்கத்த போட்டோ எடுத்துக் கந்தோருக்கு வட்ஸ்அப்பில போடுவன் தம்பி. அவங்க அதப் பார்த்து ஷீட்டில அடிப்பாங்க. பிழை கண்டா அடுத்த நாள் கோல் எடுத்துச் சொல்லுவன், அவங்க மாத்துவாங்க.”

இந்தப் பதிலில் மூன்று அம்புக்குறி இருக்கிறது. கொப்பியில் இருந்து வட்ஸ்அப், வட்ஸ்அப்பில் இருந்து கூகுள் ஷீட், பிறகு தொலைபேசியில் இருந்து அதே ஷீட். மூன்றாவதுதான் முக்கியம். நேற்று ஏற்றிய தரவு இன்றைக்கு மாறலாம் என்று அது சொல்கிறது. அன்றன்றைய வரிகளை மட்டும் களஞ்சியத்துக்குள் எடுத்துக்கொண்டு போனால் அக்காவின் திருத்தம் அங்கே போய்ச் சேராது. அதனால் ஷீட்டில் இருந்து வெளிவரும் அம்புக்குறியில் ‘தினமும், கடைசி 10 நாளையும் திரும்ப எடு’ என்று எழுதினேன். பத்து நாளுக்குப் பிறகு திருத்தம் வருவது அபூர்வம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வந்தால் அதைக் கையால் ஏற்ற வேண்டும்.

மிச்ச மூலங்கள்: குளிரூட்டும் நிலையத்தின் காகித ரசீது, அங்கத்தவர் பதிவேடு என்ற ஒரு எக்செல் கோப்பு, மேலே சொன்ன விலைக் கடிதம். மனிதர் கையால் தட்டும் இடங்களுக்குப் புள்ளிக்கோட்டு அம்புக்குறி, தானாக நகரும் இடங்களுக்கு முழுக்கோடு என்று வைத்தேன். இந்த ஒரு வேறுபாட்டால் படத்தைப் பார்த்தவுடன் எழுத்துப்பிழை எங்கிருந்து வரும், கோப்பு வராமல் போவது எங்கே நடக்கும் என்று பிரித்துப் பார்க்கலாம்.

ஒவ்வொரு அம்புக்குறியின் மேலும் நான்கு விடயம் எழுதுவது என்று விதி வைத்துக்கொண்டேன்: என்ன போகிறது, எந்த வடிவத்தில், எப்போது, யார் அனுப்புகிறார். உதாரணத்துக்கு வவுணதீவுக் கோட்டில் ‘ஒரு நாள் வரிகள், சிஎஸ்வி, இரவு 8 மணிக்குப் பின், நிலைய எழுதுநர்’ என்று இருக்கும். நான்கில் ஒன்றை எழுத முடியாவிட்டால் அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டு, பதில் கிடைக்கும் வரை அதை அழிப்பதில்லை. ரசீதுக் கோட்டில்தான் அந்தக் கேள்விக்குறி நீண்ட நாள் இருந்தது, ஏனென்றால் ரசீதை யார் தட்டுவது என்று அதுவரை ஒருவரும் தீர்மானிக்கவில்லை.

நடுப்பகுதி: சுத்திகரிப்பைப் பிரித்தது

இப்போது விடயத்துக்கு வருகிறேன். பழைய மென்பொருளில் இருந்து வரும் கோப்பில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
14/03/2024,VAV,14,nry;tk;,5.0,4.2,M
14/03/2024,VAV,31,,uhrk;kh,6.5,4.1,M
```

திகதி, நிலையம், அங்கத்தவர் இலக்கம், பெயர், லீற்றர், கொழுப்பு, காலையா பின்னேரமா. பெயர் பாமினி எழுத்துருவில் அடித்தது. யூனிகோட் பரவும் முன்பு இங்கே பெரும்பாலான கந்தோர்களில் தமிழ் என்றால் பாமினிதான். அதில் திரையில் தெரிவது தமிழ், கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. `nry;tk;` என்றால் செல்வம். `kl;lf;fsg;G` என்று ஒரு பழைய கடிதத்தில் கண்டால் அது மட்டக்களப்பு.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். அவர் பெயர் இராசம்மா. பாமினியில் ‘இ’ என்ற எழுத்துக்கு உரிய விசை காற்புள்ளி. ஆகவே அவருடைய பெயரே காற்புள்ளியில் தொடங்குகிறது. நிரல்களைப் பிரிப்பதும் காற்புள்ளி. எக்செல் மாதிரி ஒரு மென்பொருள் இந்தக் கோப்பை எழுதியிருந்தால் பெயரைச் சுற்றி மேற்கோள்குறி போட்டிருக்கும், பிரச்சினை இராது. இந்தப் பழைய மென்பொருள் போடுவதில்லை. ஆகவே முதல் வரியில் ஏழு நிரல், இரண்டாவதில் எட்டு.

இதைச் சாதாரணமாக எக்செலில் திறந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. பெயர் நிரல் வெறுமையாகும். லீற்றர் நிரலில் `uhrk;kh` என்று எழுத்து வந்து உட்காரும். கூட்டுத்தொகை எடுக்கும் சூத்திரம் எழுத்தைக் கண்டால் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும், ஆக அவருடைய ஆறரை லீற்றர் மொத்தத்தில் இருந்து காணாமல் போகும். அந்த 6.5 ஒரு இடம் தள்ளிக் கொழுப்பு நிரலுக்குப் போய்விடும். பசும்பாலுக்கு ஆறரை வீதம் கூடுதலாகத் தெரியும், ஆனால் எருமைப்பாலுக்கு அது சர்வசாதாரணம். எருமைத் தயிருக்குப் பேர்போன இந்தப் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்து ஒருவருக்கும் சந்தேகம் வராது. ‘இ’யில் பெயர் தொடங்கும் ஒவ்வொருவருக்கும், தலைப்பெழுத்து ‘இ’ ஆக உள்ள ஒவ்வொருவருக்கும் இதே கதிதான்.

சரி, பாமினியை முதலிலேயே யூனிகோடாக மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றியில் போட்டால் நிலைமை இன்னும் மோசம். பிரிக்கும் காற்புள்ளி எல்லாம் ‘இ’ ஆகிவிடும். VAV என்ற நிலையக் குறியீடும் பாமினி விசைகளாக வாசிக்கப்பட்டு ‘ஏயுஏ’ ஆகும். அதற்குப் பிறகு எது பெயர், எது குறியீடு என்று பிரிக்கவே வழி இல்லை.

ஆகவே வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் நிரல்களைப் பிரி, பிறகு பெயர் நிரலை மட்டும் யூனிகோடாக மாற்று. பிரிப்பதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. பெயருக்கு இடப்பக்கம் எப்போதும் மூன்று நிரல், வலப்பக்கம் எப்போதும் மூன்று நிரல். இரண்டு பக்கத்திலும் மூன்று மூன்றாக எண்ணி எடுத்தால் நடுவில் மிஞ்சுவது எதுவோ அதுதான் பெயர், அதற்குள் எத்தனை காற்புள்ளி இருந்தாலும் பரவாயில்லை.

```python
p = line.rstrip("\r\n").split(",")
head, tail = p[:3], p[-3:]
name = ",".join(p[3:-3])
```

இந்த மூன்று வரிக்குப் படத்தில் தனிப்பெட்டி கொடுத்தேன், ‘இரு ஓரத்தில் இருந்தும் பிரித்தல்’ என்று. அதற்கு வலப்பக்கம் ‘பெயரை மட்டும் பாமினியில் இருந்து யூனிகோடுக்கு’ என்று அடுத்த பெட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரு அம்புக்குறி. நாளைக்கு வேறு ஒருவர் இந்த வேலையை எடுத்து, வேகமாகட்டும் என்று இரண்டையும் இடம் மாற்ற நினைத்தால் படம் அவரைத் தடுக்கும். ‘சுத்திகரிப்பு’ என்று ஒரே பெட்டியாக விட்டிருந்தால் இந்த ஒழுங்கு என் தலைக்குள் மட்டும்தான் இருக்கும்.

யூனிகோடுக்கு மாற்றியதோடு பெயர்கள் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். கிராமவாரியாக ஒரு பரீட்சார்த்தப் பட்டியல் எடுத்துப் பார்த்தபோது கொக்கட்டிச்சோலை இரண்டு தடவை வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைதானில் `len()` போட்டால் ஒன்றுக்கு 15, மற்றதற்கு 17. காரணம் ‘கொ’வும் ‘சோ’வும். ஒகர, ஓகார உயிர்க்குறிகளை யூனிகோடில் ஒரே குறியீட்டாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். போன் விசைப்பலகையில் அடித்தது ஒரு மாதிரி இருந்தது, என் பாமினி மாற்றி தந்தது மற்ற மாதிரி. கணினிக்கு அவை வேறு வேறு சொல். தீர்வு, இரண்டு மாதிரியையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரி:

```python
name = unicodedata.normalize("NFC", name)
```

இது எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் படத்துக்குரிய கேள்வி. பழைய மென்பொருளின் கோடும் கூகுள் ஷீட்டின் கோடும் அங்கத்தவர் பதிவேட்டின் கோடும் ஒன்றுசேரும் இடத்துக்கு முன்னால், மூன்று கோட்டிலும் இது இருக்க வேண்டும். ஒரு கோட்டில் விட்டுப்போனாலும் கொக்கட்டிச்சோலை திரும்ப இரண்டாகிவிடும். படத்தில் மூன்று கோட்டிலும் அதே சின்னப் பெட்டியை மூன்று தடவை வரைந்தேன். இடம் பிடிக்கும்தான், ஆனாலும் ஒன்றாகச் சுருக்க மனம் வரவில்லை.

நிறுத்திவைத்த வரிகளுக்கு ஓர் இடம்

பெரும்பாலான படங்களில் இல்லாத ஒரு பெட்டி இது. சோதனையில் தேறாத வரி எங்கே போகும்? அம்புக்குறி வரையாவிட்டால் நடைமுறையில் அது குப்பைக்குத்தான் போகும்.

ஒவ்வொரு சோதனைப் பெட்டியின் அடியில் இருந்தும் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்து, எல்லாவற்றையும் ‘நிறுத்திவைத்த வரிகள்’ என்ற ஒரே அட்டவணைக்குக் கொண்டுபோனேன். அதில் மூல வரி அப்படியே இருக்கும், எந்தச் சோதனையில் நின்றது என்ற காரணமும் இருக்கும். அங்கிருந்து ஒரு புள்ளிக்கோடு அலுவலகத்துக்கு: அவர்கள் நிலையத்துக்குக் கோல் எடுத்து உண்மையை அறிந்து திருத்துவார்கள், திருத்திய வரி திரும்பவும் முதலில் இருந்து வரும்.

படம் சரியா என்று பார்க்க ஒரு நாளின் கோப்பை எடுத்து, கையால் ஒவ்வொரு பெட்டியாக நடத்திக்கொண்டு போய், வரி எண்ணிக்கையைப் பென்சிலால் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதினேன். மார்ச் 14ஆம் திகதிக் கோப்புகளில் மொத்தம் 96 வரி. சாதாரணமாகக் காற்புள்ளியில் பிரித்தபோது 91 தேறியது, 5 நின்றது. நின்றவற்றில் நான்கு ‘இ’யில் தொடங்கும் பெயர்கள், காற்புள்ளிச் சிக்கல் பிடிபட்டதே இந்த நான்கையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான். இரு ஓரத்தில் இருந்து பிரிக்கும் பெட்டியைப் போட்ட பிறகு 95 தேறி, 1 நின்றது. அந்த ஒன்றில் கொழுப்பு 41 என்று இருந்தது. 4.1 ஆக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பணம் அந்த எண்ணில்தான் தங்கியிருக்கிறது, ஆகவே ஸ்கிரிப்ட் ஊகித்துத் திருத்தக் கூடாது. நிலையத்தில் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

உள்ளே வந்தது 96, வெளியே போனது 95, நின்றது 1. எந்தப் பெட்டியில் இந்தக் கூட்டல் பொருந்தவில்லையோ அங்கே படத்தில் ஏதோ ஒரு கோடு குறைகிறது. இப்போது ஸ்கிரிப்டும் இதே மூன்று எண்ணையும் ஒவ்வொரு படியிலும் எழுதி வைக்கிறது.

லீற்றரும் கிலோவும், பின்னேரப் பாலும்

தலைவரின் முதல் கேள்விக்கு இதுவரை அலுவலகத்தில் செய்துவந்த கணக்கு நேரடிக் கழித்தல்தான். அதே 14ஆம் திகதியை எடுத்துக்கொள்வோம். அன்றைய திகதியில் மூன்று நிலையமும் எழுதியது காலையில் 430 லீற்றர், பின்னேரம் 180, மொத்தம் 610. அன்றைய ரசீது 657. நாற்பத்தேழு கூட! எடுத்த பாலைவிட நிறுத்த பால் அதிகம் என்றால் யாரோ எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று நிலையத்துக்காரருக்கு ஏச்சு விழும்.

படத்தில் இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, ‘எந்த வடிவத்தில்’ என்ற இடத்தை நிரப்பியபோது ஒன்றில் லீற்றர் என்றும் மற்றதில் கிலோ என்றும் வந்தது. பால் தண்ணீரைவிடச் சற்றுப் பாரம். ஒரு லீற்றர் ஏறக்குறைய 1.03 கிலோ. 657 கிலோவை 1.03ஆல் பிரித்தால் சுமார் 638 லீற்றர். அப்படியும் 610க்கு 28 கூட.

மிச்சம் ‘எப்போது’ என்ற இடத்தில் இருந்தது. பவுசர் காலையில் ஒரு தடவைதான் வரும். பின்னேரப் பால் நிலையத்தின் சின்னக் குளிர்த்தாங்கியில் இரவு தங்கி, அடுத்த நாள் காலைப் பாலோடு சேர்ந்து போகும். ஆக 14ஆம் திகதி ரசீதில் இருப்பது 13ஆம் திகதி பின்னேரப் பாலும் 14ஆம் திகதி காலைப் பாலும். 13ஆம் திகதி பின்னேரம் எழுதியது 210 லீற்றர். 210 உடன் 430 சேர்த்தால் 640. ரசீதின்படி 638. உண்மையான வித்தியாசம் இரண்டு லீற்றர், கேனிலும் குழாயிலும் ஒட்டி நிற்கும் அளவு. ஒருவரும் ஒன்றும் எழுதாமல் விடவில்லை.

இதற்காகப் படத்தில் இரண்டு பெட்டி சேர்ந்தது. ரசீதுக் கோட்டில் ‘கிலோவை லீற்றராக்கல், 1.03’. நிலையக் கோட்டில் ‘அனுப்பிய நாள் ஒதுக்கல்’: பின்னேர வரி என்றால் திகதிக்கு ஒன்று கூட்டு, காலை வரி என்றால் அதே திகதி. அளந்த திகதியை அழிக்கக் கூடாது, இரண்டும் தனித்தனி நிரலாக இருக்க வேண்டும். ஒப்பிடும் டாஷ்போர்டுக்கு அனுப்பிய நாள் தேவை, கொடுப்பனவு டாஷ்போர்டுக்கு அளந்த நாள் தேவை. இல்லாவிட்டால் மாதக் கடைசிப் பின்னேரம் கொண்டுவந்த பாலுக்கு அந்த மாதம் பணம் வராது.

1.03 என்பது சராசரிதான். கொழுப்பும் வெப்பநிலையும் மாறினால் அதுவும் கொஞ்சம் மாறும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும், பணக் கணக்குக்கு இதைத் தொடக் கூடாது என்று பெட்டிக்குள்ளேயே எழுதியிருக்கிறேன்.

களஞ்சியம்

இந்தப் பகுதி சீக்கிரம் முடிந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அலுவலகத்தில் இருக்கும் ஒரு கணினியில். படத்தில் இரண்டு உருளை. முதலாவதில் வந்த கோப்பு வந்தபடியே கிடக்கும், ஒரு எழுத்தும் மாற்றுவதில்லை. பாமினி மாற்றியில் பிழை கண்டால் அங்கிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஓட்டலாம். இரண்டாவது சுத்தமான அட்டவணைகள்.

உருளைக்குள் அட்டவணைப் பெயரை மட்டும் எழுதாமல், ஒரு வரி எதைக் குறிக்கிறது என்று எழுதினேன்: ‘ஒரு வரி = ஒரு அங்கத்தவர், ஒரு நிலையம், ஒரு நாள், ஒரு வேளை, ஒரு பால் வகை’. பால் வகை கடைசியில்தான் சேர்ந்தது. பசுவும் எருமையும் வைத்திருப்பவர் ஒரே காலையில் இரண்டு கேன் கொண்டுவருவார். அதைச் சேர்க்காவிட்டால் இரண்டாவது கேன், முதல் வரியின் இரட்டைப் பதிவு என்று தள்ளப்பட்டுவிடும்.

அங்கத்தவர் இலக்கத்திலும் ஒரு கவனம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிலையமும் தன் ஆட்களுக்கு 1 முதல் இலக்கம் போட்டிருக்கிறது. ஆக 14ஆம் இலக்கக்காரர் மூன்று பேர். நிலையக் குறியீட்டையும் இலக்கத்தையும் சேர்த்து `VAV-014` என்று ஆக்கும் பெட்டி, எல்லாக் கோடும் ஒன்றுசேரும் இடத்துக்கு முன்பே நிற்கிறது. பெயரை வைத்து ஆளைப் பொருத்துவதே இல்லை; இலக்கத்தால் பொருத்திவிட்டு, பெயர் ஒத்துவராவிட்டால் அந்த வரியை நிறுத்திவைக்கிறோம்.

தாளில் இருந்து கணினிக்கு

பென்சில் படம் நிலைத்த பிறகுதான் கணினியில் ஏற்றினேன். இழுத்து வைத்து வரையும் கருவி வேண்டாம் என்று மெர்மெய்ட் எடுத்தேன். அதில் படம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. ஸ்கிரிப்டுகள் இருக்கும் அதே கோப்புறையில் கிடக்கும், ஒரு பெட்டி மாறினால் எந்த வரி மாறியது என்று, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் தெரியும். பழைய மென்பொருளின் கோடு மட்டும் இப்படி:

```mermaid
flowchart LR
  B["பழைய பில் மென்பொருள்"] -->|"சிஎஸ்வி, இரவு 8க்குப் பின்"| R[("வந்தபடியே")]
  R --> S("இரு ஓரத்தில்<br/>இருந்தும் பிரித்தல்")
  S --> U("பெயர் மட்டும்<br/>யூனிகோடுக்கு")
  U --> N("NFC")
  N --> C("சோதனை")
  C --> W[("சுத்தமான அட்டவணை")]
  C --> X["நிறுத்திவைத்த வரிகள்"]
  X -.->|"கோல் எடுத்துத் திருத்தம்"| R
```

சதுர அடைப்பு பெட்டி, வளைந்த அடைப்பு ஒரு வேலை, `[( )]` உருளை, `-.->` புள்ளிக்கோடு. தமிழ் எழுத்தை மேற்கோள்குறிக்குள் வைத்துவிடுங்கள், தொல்லை இராது. நீண்ட தமிழ்த் தொடர் பெட்டியை அகலமாக்கிப் படத்தை இழுத்துவிடும், அதற்குத்தான் `<br/>`. லினக்ஸ் சேவரில் படமாக ஏற்றுமதி செய்தால் தமிழுக்குப் பதில் வெறும் சதுரங்கள் வரலாம். அதில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள், நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டால் சரியாகிவிடும்.

முழுப் படத்தையும் ஒரே கோப்பில் போட்டபோது கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டி வாசிக்க முடியாமல் போனது. பெட்டிகளை எங்கே வைப்பது என்று மெர்மெய்ட் தானே தீர்மானிக்கும், நமக்கு அதில் அதிகம் பிடி இல்லை. ஆகவே இரண்டாகப் பிரித்தேன்: மூலங்களில் இருந்து டாஷ்போர்ட் வரை ஒரே பக்கத்தில் ஒரு மேலோட்டப் படம், சுத்திகரிப்பு மட்டும் கோடு ஒன்றுக்கு ஒரு படம். மேலோட்டப் படத்தை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ரசீது தட்டும் பொறுப்பைக் காசாளர் அக்கா எடுத்துக்கொண்டார், அந்தக் கேள்விக்குறி இப்போது இல்லை. மிச்சம் இருப்பது ஒன்று: வங்கிக்கு அனுப்பும் கொடுப்பனவுக் கோப்பில் கணக்கு இலக்கப் பிழையால் திரும்பி வரும் பணம். அந்தத் தகவல் இப்போதைக்கு ஒரு கடிதமாக வந்து கோப்புக்குள் போகிறது. அதற்கு இடது ஓரத்தில் ஒரு மூலப் பெட்டி பென்சிலால் போட்டிருக்கிறேன். அம்புக்குறியில் நான்கில் இரண்டு விடயம்தான் இதுவரை எழுத முடிந்திருக்கிறது.